அப்பா குரலில் ராத்திரிக் கதை: பிள்ளை ‘உம்’ கொட்ட இடம் விட்டுப் பதிவு பண்ணுவது

கூத்தாநல்லூர் – குவைத்

மகளுக்கு மூணரை வயசு. ஊர்ல ராத்திரி எட்டரைக்குப் படுக்கும். அப்ப இங்க சாயங்காலம் ஆறு மணி, வேலை முடிஞ்சு பஸ்ல வர்ற நேரம், சத்தத்துல பேச முடியாது. அதனால வாட்ஸ்அப்ல கதையைப் பதிஞ்சு முன்கூட்டியே அனுப்புறேன். அத்தா குரல் கேட்டதும் ஓடி வருதாம், ஒரு நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிடுதாம். நேர்ல சொன்னா முழுக் கதையும் கேக்குற பிள்ளை. என்ன மாத்தணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

அங்கன்வாடி டீச்சர், குத்தாலம்

தம்பி, கதை பரவாயில்லாமத்தான் இருக்கும். இடைவெளி இருக்காது. நேர்ல சொல்றப்ப பிள்ளை ‘உம்’ கொட்டும், அது கொட்டுற வரைக்கும் நீங்க தானா நிறுத்தியிருப்பீங்க. பதிவுல அந்த நிறுத்தம் வராது. எதிர்ல ஆள் இல்லைன்னா வாய் வேகமா ஓடும், மூச்சு விடாம சொல்லி முடிச்சிடுவீங்க. பிள்ளைக்கு அதுல ஒரு வேலையும் இல்லை, அதான் எந்திரிச்சுப் போகுது.

அதனால ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்துங்க. எவ்வளவு நேரம்னா, மனசுக்குள்ள நிதானமா ரெண்டு தடவை ‘உம்’ சொல்லிப் பாருங்க, அது போதும், ரெண்டு செகண்டு வரும். கேள்வி கேட்டா அதுக்கு இரட்டிப்பு விடணும். மூணு வயசுப் பிள்ளை யோசிச்சு வாயைத் திறக்க நாலு செகண்டு ஆகும். பதியுறவங்களுக்கு அது ரொம்ப நீளமாத் தெரியும், பொறுத்துக்கணும்.

கேள்விக்குப் பின்னாடி வர்ற வார்த்தை எந்தப் பதிலுக்கும் பொருந்தணும். “சாப்பிட்டியா?”ன்னு கேட்டுட்டு “ஆங், சமத்து!”ன்னு சொன்னா, “இல்லை”ன்னு சொன்ன பிள்ளை குழம்பிடும். “அப்படியா! சரி சரி, கேளு”ன்னு போனா எதுக்கும் ஒத்துவரும்.

நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு வாய்க்காலும் மீனும் தெரியும்ல, அதை வச்சே ஒரு மாதிரி சொல்றேன். புள்ளி வச்ச இடமெல்லாம் நிறுத்தம்.

“நம்ம கொல்லைக்குப் பின்னாடி ஒரு வாய்க்கா இருக்குல்ல… அதுல ஒரு விரால் மீன் இருந்துச்சு… அதுக்கு நிறையக் குஞ்சு… குஞ்செல்லாம் செவப்பு செவப்பா, கூட்டமாவே போவும்… மூச்சு வாங்கத் தண்ணிக்கு மேல வரும், ‘ப்ளக்’… திரும்ப உள்ள போவும்… மேல ஒரு கொக்கு நிக்குது… கொக்கு என்ன பண்ணும், சொல்லு?……… அப்படியா! கேளு, கீழ யார் இருக்கா தெரியுமா… அத்தா விரால்…”

விரால் நிஜமாவே தாயும் தகப்பனுமா குஞ்சுக்குக் காவல் இருக்குற மீன். மறுநாள் தாத்தா வாய்க்கால்ல காட்டினா கதை அங்கேயும் தொடரும். ‘ப்ளக்’ மாதிரி ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வரட்டும். மூணாவது நாள்லேர்ந்து பிள்ளையே உங்களுக்கு முந்திச் சொல்லும், அதுக்கும் இடம் விடுங்க. மொத்தம் அஞ்சு, ஆறு நிமிஷம் போதும். கடைசி ஒரு நிமிஷம் கேள்வியே வேண்டாம், குரலை இறக்கிட்டே வாங்க. கடைசியில கேள்வி வந்தா தூங்கப் போன பிள்ளை எந்திரிச்சு உக்காந்துடும்.

நீடாமங்கலம் – துபாய்

இங்க வாட்ஸ்அப் கால் போவாது அண்ணே, அதுக்கு என்ன வழி? வீடியோல மூஞ்சியக் காட்டுனாத்தான் புள்ளைக்கு நெனப்பு இருக்கும். சும்மா குரல் மட்டும் எதுக்கு?

அங்கன்வாடி டீச்சர், குத்தாலம்

தம்பி, அவர் கேட்டது கால் பத்தி இல்லை. அமீரகத்துல கால் தடை இருந்தாலும் பதிஞ்ச குரல் போகும், அதுக்குத் தடை இல்லை. பகல்ல முகம் காட்டுங்க, நல்லதுதான். படுக்கையில திரை வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்தா பிள்ளை போனைக் கையில கேக்கும், அப்புறம் கதை கதையா இருக்காது.

கொரடாச்சேரி ஆடியோ

டீச்சர் சொன்ன இடைவெளியைப் பத்தித் தொழில்ல இருக்குறவனாச் சொல்றேன், அது வழியில காணாமப் போறதுக்கு ரெண்டு காரணம் உண்டு. ஒண்ணு, சில ரெக்கார்டர் ஆப்ல மௌனத்தைத் தானா வெட்டுற வசதி இருக்கும். அது ஆன்ல இருந்தா நீங்க ஆறு நிமிஷம் சொன்னது நாலு நிமிஷக் கோப்பா வரும். பதிஞ்சதும் நீளத்தைப் பாருங்க, குறைஞ்சிருந்தா அதுதான். ரெண்டாவது, வாட்ஸ்அப்ல கேக்கும்போது 1.5x, 2x-னு ஒரு பொத்தான் வரும். ஆத்தா கை பட்டு 1.5x ஆயிட்டா அடுத்தடுத்த பதிவும் அதே வேகத்துலதான் ஓடும். குரல் அத்தா குரல் மாதிரியே இருக்குறதால வீட்டுல யாருக்கும் புரியாது, பிள்ளை ‘உம்’ கொட்டுறதுக்குள்ள அடுத்த வாக்கியம் வந்துடும். உங்க பிள்ளை ஒரு நிமிஷத்துல எந்திரிக்கிறதா சொன்னீங்க, முதல்ல அதைப் பார்க்கச் சொல்லுங்க.

பதியுற இடம். கேம்ப் ரூம்ல எல்லாரும் தப்பாப் போறது பாத்ரூமுக்கு. அங்க சத்தம் இல்லைதான், ஆனா டைல்ஸ்ல குரல் அடிச்சுத் திரும்பும், அந்த எதிரொலியைப் பிறகு எடுக்குறது ரொம்பக் கஷ்டம். கட்டில்ல உக்காந்து போர்வையைத் தலைக்கு மேல போட்டுக்குங்க. போனை வாய்க்கு நேரா வைக்காம ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டுல வச்சா ‘ப’ சொல்றப்ப காத்து அடிக்காது. ஏசியைப் பத்து நிமிஷம் நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க. ஓடிட்டே இருந்தா நீங்க நிறுத்துற இடத்துல எல்லாம் அந்த இரைச்சல் மேல வரும், ஏன்னா பேச்சு நின்னதும் சில போன் தானே ஒலியைக் கூட்டும்.

வலங்கைமான் அக்கா

நான் வேற விஷயம் சொல்றேன். எங்க வீட்டுல வெளிநாடு போனது என் தங்கச்சி, சிங்கப்பூர்ல வீட்டு வேலை. இங்க எட்டரைன்னா அங்க பதினொண்ணு, அவ அசந்து தூங்கிடுவா. அதனால பதிவுதான் ஓடுது. கதை முடிஞ்சதும் அதுவா அடுத்த வாய்ஸ் ஓட ஆரம்பிச்சிடுச்சு. அது எங்கிட்ட வட்டிக் காசு பத்தி அழுதுகிட்டே பேசினது. பையன் எந்திரிச்சு உக்காந்து அம்மா ஏன் அழுவுதுன்னு கேட்டுட்டான். இதுக்கு என்ன பண்றது?

கொரடாச்சேரி ஆடியோ

அக்கா, வரிசையா இருக்குற குரல் பதிவுகளை வாட்ஸ்அப் தானாவே ஒண்ணன் பின்னாடி ஒண்ணா ஓட்டும். கதைக்குன்னு தனியா ஒரு குரூப் ஆரம்பிங்க, நீங்களும் தங்கச்சியும் மட்டும். அதுல கதை தவிர எதுவும் போடக் கூடாது. ரெண்டு கதைக்கு நடுவுல ஒரு படமோ ஒரு வரி எழுத்தோ போட்டு வச்சா தொடர் ஓட்டமும் நின்னுடும்.

இன்னொண்ணு, போனைத் தலையணைக்கு அடியிலயோ பிள்ளை நெஞ்சு மேலயோ வைக்காதீங்க. காதுல வச்சதா நினைச்சுக்கிட்டு மேல இருக்குற சின்ன ஸ்பீக்கருக்குச் சத்தம் மாறிடும். திடீர்னு குரல் மெலிஞ்சு போச்சுன்னா அதுதான் காரணம்.

எல்லாத்துக்கும் சுலபம், மெமரி கார்டு போடுற சின்ன புளூடூத் ஸ்பீக்கர். போனே வேண்டாம், கரண்ட் போனாலும் ஓடும்.

நீடாமங்கலம் – துபாய்

அது ரொம்ப ஈசி. வாட்ஸ்அப் கோப்பு .opus-னு இருக்கும், பேரை .mp3-னு மாத்திக் கார்டுல போட்டா முடிஞ்சுது. என் போன்ல ஓடுது.

கொரடாச்சேரி ஆடியோ

போன்ல ஓடும் தம்பி, ஏன்னா போன் பேரைப் பார்க்காம உள்ள என்ன இருக்குன்னு பார்க்கும். ஸ்பீக்கருக்கு அந்த அறிவு கிடையாது, அந்தக் கோப்பைத் தாண்டிப் போயிடும், இல்லைன்னா அப்படியே நிக்கும். நிஜமாவே மாத்தணும். கம்ப்யூட்டர்ல ffmpeg மென்பொருள் இருந்தா முதல் வரி கதைக்கு, ரெண்டாவது வரி அரைமணி நேர மௌனத்துக்கு:

```
ffmpeg -i viral.opus -ac 1 -ar 44100 -b:a 64k 01.mp3
ffmpeg -f lavfi -i anullsrc=r=44100:cl=mono -t 1800 -b:a 64k 02.mp3
```

கம்ப்யூட்டர் இல்லைன்னா பிரவுசிங் சென்டர்ல mp3-ஆ மாத்தித் தரச் சொன்னாப் போதும். ஆறு நிமிஷக் கதை மூணு எம்பிதான் வரும், எவ்வளவு சின்னக் கார்டும் தாங்கும். 32 ஜிபிக்கு மேல வாங்காதீங்க, விலை குறைஞ்ச ஸ்பீக்கர் பலதும் படிக்காது.

மௌனக் கோப்பு எதுக்குன்னா, இந்த ஸ்பீக்கர் கடைசிக்குப் போனதும் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். தூங்கின பிள்ளை எழுந்துடும். பின்னாடி அரைமணி மௌனம் இருந்தா அதுக்குள்ள யாராவது வந்து அணைச்சிடலாம். அப்புறம், பல ஸ்பீக்கர்ல 01, 02-ன்னு பேர் வச்சாலும் அந்த வரிசையில ஓடாது, கார்டுல எது முதல்ல ஏறிச்சோ அதுதான் முதல்ல ஓடும். அதனால கார்டை ஃபார்மட் பண்ணிட்டு ஒவ்வொண்ணா வரிசையா ஏத்துங்க. ஆன் பண்ணினதும் பெரிய சத்தத்துல இங்கிலீஷ்ல ஒரு பொம்பளைக் குரல் வரும், அதைக் கூடத்துலயே முடிச்சு ஒலியைக் குறைச்சுட்டு உள்ள கொண்டு போங்க.

அங்கன்வாடி டீச்சர், குத்தாலம்

கார்டுல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. “நாளைக்குப் பேசுறேன்”, “பொங்கலுக்கு வந்துடுவேன்” மாதிரி எதுவும் கதைக்குள்ள இருக்கக் கூடாது. லீவு தள்ளிப் போகும், கார்டு தினம் ராத்திரி அதையே சொல்லிக்கிட்டிருக்கும். நாள், தேதி, நலம் விசாரிப்பு எல்லாம் தனி வாய்ஸ்ல போகட்டும், அது ஒரு தடவை கேட்டு விட்டுடுற பேச்சு. கதையில தேதியில்லாத சங்கதி மட்டும் இருக்கட்டும்.

கூத்தாநல்லூர் – குவைத்

பார்த்தாச்சு. ஆத்தா போன்ல 1.5x-லதான் இருந்துச்சாம். அதை மாத்திட்டாங்க. ஆனா கதையும் இடைவெளி இல்லாமத்தான் சொல்லியிருக்கேன், டீச்சர் சொன்னபடி விராலைப் புதுசாப் பதியுறேன். ஒரு சந்தேகம் டீச்சர், வாரம் ஒரு புதுக் கதை வேணுமா, இல்லை அதையே ஓட்டலாமா?

அங்கன்வாடி டீச்சர், குத்தாலம்

அதையே ஓட்டுங்க. பிள்ளையா “வேற”ன்னு கேக்குற வரைக்கும் மாத்தாதீங்க. நாலு கதை இருந்தா மூணு மாசம் ஓடும்.

வலங்கைமான் அக்கா

டீச்சர், எங்களுக்கு அது ஒத்துவரலையே. ஸ்பீக்கர் பெட்டி வாங்கி அதே கதையைத்தான் ஓட்டினோம். தங்கச்சி இப்ப லீவுல வந்து நேர்ல கதை சொன்னா, பையன் “இப்படி இல்லை, பெட்டியில இருக்குற மாதிரி சொல்லு”ன்னு அடம் புடிச்சான். அவ முகம் சுண்டிப் போச்சு. வாரா வாரம் மாத்தியிருந்தா இப்படி ஆகியிருக்காதோன்னு தோணுது.

அங்கன்வாடி டீச்சர், குத்தாலம்

இருக்கலாம் அக்கா, அதை நான் மறுக்கலை. ஊருக்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பெட்டியை நிறுத்திடுறவங்க இருக்காங்க. வந்தப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து, பெட்டியில ஓடுறப்ப அம்மாவும் கூடவே ‘உம்’ கொட்டுற மாதிரி பண்றவங்களும் இருக்காங்க. ரெண்டுல எது சரின்னு என்னால உறுதியாச் சொல்ல முடியலை. தங்கச்சி திரும்பப் போறதுக்குள்ள ரெண்டாவதைச் செஞ்சு பாருங்க, பையன் என்ன பண்ணினான்னு இங்க எழுதுங்க.