“பயோ எங்க சார் இருக்கு?” – ஒரே ஸ்லைடு தொகுப்பை இரண்டு இடத்தில் போட்டவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி இலைக்காரன்

பனிக்காலத் தேயிலைக்காகப் போன டிசம்பரில் பத்து ஸ்லைடு செய்தேன். 1080-க்கு 1350, கரும்பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து. இன்ஸ்டாகிராமில் நன்றாகவே போனது. அதையே பிடிஎஃப் ஆக்கி லிங்க்டினில் டாக்குமென்ட்டாகவும் ஏற்றிவிட்டேன். மொத்தம் ஐந்து நிமிட வேலை, அவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலின் கொள்முதல்காரர் கூப்பிட்டார். பார்க்கப் போனேன். அவர் மேசையில் என் பத்துப் பக்கமும் ஏ4 தாளில் அச்சாகிக் கிடந்தன. தாள் முழுக்கக் கருப்பு, மையில் நனைந்து நெளிந்திருந்தது. கடைசித் தாளை எடுத்து என் முன்னால் வைத்து, “ஆர்டர் பண்ண பயோவில் லிங்க்னு போட்டிருக்கீங்க. பயோ எங்க சார் இருக்கு?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். யாரோ இறக்கி வாட்ஸாப்பில் செஃப்புக்கு அனுப்பி, செஃப் அச்சடித்திருக்கிறார். பத்துப் பக்கத்தில் ஒன்றில்கூட என் ஃபோன் நம்பர் இல்லை. என்னைத் தேடிப் பிடித்ததே பெரிய விஷயம்.

இப்படி வேறு யாருக்காவது ஆகியிருக்கிறதா?

ஊட்டி ஹோம்ஸ்டே அக்கா

எனக்கு வேறு மாதிரி ஆனது தம்பி. தொட்டபெட்டாவிலிருந்து எடுத்த அகலப் படம் ஒன்றை 3240-க்கு 1350 என்று வைத்து மூன்றாக வெட்டினேன். இன்ஸ்டாவில் விரலால் தள்ளினால் மலை அப்படியே ஓடி வரும், பார்க்கவே ஆசையாக இருக்கும். பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக நின்றுவிட்டது. கணினியில் அம்பை அழுத்திப் பார்த்தவர், “பாதி மலைதான் தெரியுது, படம் கெட்டுப்போச்சா?” என்று எழுதியிருந்தார்.

அது சரி, எதில் லைக் அதிகம் வருகிறது? அதைத்தானே கேட்கிறீர்கள்?

குன்னூர் பழைய ஆள்

லைக் கதை இல்லை அக்கா. நான் சொல்கிறேன். இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சதுரமாகச் செய்யுங்கள், இரண்டு இடத்திலும் பொருந்தும். இன்ஸ்டாவில் பத்துக்கு மேல் போடவும் முடியாது, புரொஃபைல் கட்டமும் சதுரம்தான். என் தங்கை மகன் கல்யாண ஆல்பத்தையே இப்படித்தான் போட்டோம். நம்பரைப் பக்கத்துக்குப் பக்கம் போடுங்கள். லோகோ பெரிதாக வையுங்கள். எழுத்தை மஞ்சளில் போட்டால் எடுப்பாக இருக்கும். நல்ல நாள் பார்த்து காலை ஏழு மணிக்குள் ஏற்றுங்கள். கரும்பச்சையை விட்டுவிடுங்கள், தேயிலை என்றாலே எல்லோரும் பச்சைதான் வைக்கிறார்கள். பெயரை ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை போடலாம்.

வெலிங்டன் டிசைனர்

பெரியவர் சொல்வதில் பாதி பழைய கணக்கு. 2024 ஆகஸ்டிலிருந்து இன்ஸ்டாவில் ஒரு பதிவில் 20 வரை போடலாம். புரொஃபைல் கட்டமும் 2025 ஜனவரியில் சதுரத்திலிருந்து 3:4 நெட்டைக்கு மாறிவிட்டது. சதுரம் வைத்தால் ஃபோன் திரையில் கிடைக்கும் உயரத்தை நீங்களாகவே விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆனால் பக்க அளவு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஸ்டா முதல் படத்தின் அளவுக்கே மற்றதையும் வெட்டும்.

கோத்தகிரி நண்பருக்கு: அளவு அல்ல பிரச்சினை. படம் அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும், பிடிஎஃப் வெளியே நடந்து போகும். இறக்கிக்கொள்ள வாசகருக்கு வழி இருக்கிறது, அதனால்தான் அது செஃப் மேசை வரை போனது. இன்ஸ்டா கேப்ஷனில் லிங்க்கை அழுத்த முடியாது, அதனால் அங்கே ‘பயோ’ என்று எழுதத்தான் வேண்டும். பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் பெயர், ஊர், நம்பர், எந்த மாதத்துத் தாள் என்பது, இந்த நான்கும் போதும். இறக்கிய ஃபைலில் லிங்க்கும் வேலை செய்யும். ‘தள்ளிப் பாருங்கள்’ அம்புகளை எடுத்துவிடுங்கள், தாளில் அவை அர்த்தமில்லாமல் நிற்கும். பின்னணியை வெள்ளையாக்கினால் அச்சடிப்பவர் வாழ்த்துவார்.

இன்னொன்று, எழுத்தளவு. 1080 அகலப் பக்கம் ஃபோனில் 390 புள்ளி அளவுக்குச் சுருங்கும். நீங்கள் 24-ல் வைத்த வரி அங்கே ஒன்பதுக்கும் கீழே போய்விடும். 40-க்குக் குறையாமல் வையுங்கள். அதில் அடங்கவில்லை என்றால் இன்னொரு பக்கம் சேருங்கள், டாக்குமென்ட்டில் 300 பக்கம் வரை இடம் உண்டு. அதற்காக 300 போட்டுவிடாதீர்கள்.

கோத்தகிரி இலைக்காரன்

24 தான் வைத்திருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

விலைப் பக்கம் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ஒன்பதாவது ஸ்லைடில் கிலோ விலை போட்டிருந்தேன். ஜனவரியில் விலை ஏறியது. இன்ஸ்டாவில் அந்த ஒரு படத்தை மட்டும் நீக்கிவிட்டேன், மற்ற ஒன்பதும் அப்படியே நின்றன. லிங்க்டினில் மேலே எழுதிய வரிகளைத் திருத்தலாம், ஏற்றிய ஃபைலை மாற்ற முடியாது. பதிவையே அழித்தேன், கருத்துகள் எல்லாம் போயின. அப்படியும் பழைய விலையோடு அச்சான தாள் அந்த மேசையில் இருக்கிறதே.

வெலிங்டன் டிசைனர்

அதனால்தான் பிடிஎஃப்பில் விலையே போடாதீர்கள் என்கிறேன். பதிவின் எழுத்தில் போடுங்கள், திருத்திக்கொள்ளலாம்.

குன்னூர் பழைய ஆள்

விலை இல்லாத தாளைக் கொள்முதல்காரர் குப்பையில் போடுவார். முப்பது வருஷம் இலை விற்றவன் சொல்கிறேன். விலையைப் போட்டு, எந்தத் தேதி வரை என்றும் போடுங்கள்.

வெலிங்டன் டிசைனர்

தேதியை யார் படிக்கிறார்கள் ஐயா? பழைய விலைக்கே கொடு என்றுதான் நிற்பார்கள்.

கொடைக்கானல் பூண்டு

நீங்கள் சண்டை போடுங்கள், நான் என் கதையைச் சொல்கிறேன். மலைப்பூண்டுக்கு எட்டுப் பக்கம். மருமகன் பவர்பாயிண்ட்டில் செய்தான். பிடிஎஃப் எதற்கு, PPTX-ஐயே ஏற்றலாமே என்று ஏற்றினேன். ஏற்றும்போது தலைப்பு கேட்டது, அதையும் சரியாக அடித்தேன். முதல் பக்கத்தில் ‘கொடைக்கானல்’ இருக்க வேண்டிய இடத்தில் இப்படி நின்றது:

```
nfhilf;fhdy;
```

எங்கள் வீட்டுக் கணினியில் அருமையான தமிழ். உலகத்துக்கு இது. ஒரு நாள் முழுக்க யாரும் சொல்லவில்லை. வைரஸ் என்று நினைத்து மருமகனைத் திட்டியும் விட்டேன்.

வெலிங்டன் டிசைனர்

பாமினி எழுத்துரு! அதில் தமிழ் வெறும் வேஷம்தான், அடியில் இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் அடித்து, உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்குங்கள், எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். ஏற்றுவதற்கு முன் அந்த பிடிஎஃப்பை வேறொருவர் ஃபோனுக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபோனில் பார்க்காதீர்கள், வீட்டில் இருப்பவர் ஃபோனில் பாருங்கள். இன்ஸ்டாவுக்கு நீங்கள் கொடுப்பதே படம் என்பதால் இந்தத் தொல்லை அங்கே வராது.

ஊட்டி ஹோம்ஸ்டே அக்கா

அப்படியானால் என் மலையை என்ன செய்ய?

வெலிங்டன் டிசைனர்

பிடிஎஃப்புக்கு மலையை வெட்டாதீர்கள் அக்கா. ஒரே பக்கத்தில் குறுக்காக வைத்து, கீழே மிச்சமிருக்கும் இடத்தில் அறை விவரம் எழுதுங்கள். இன்ஸ்டாவிலும் இரண்டாவது துண்டு தனியாகப் பார்த்தாலும் புரிய வேண்டும். தள்ளாமல் போனவருக்குச் சில சமயம் மறுபடி காட்டும்போது இரண்டாவது படத்திலிருந்துதான் காட்டுகிறது.

கோத்தகிரி இலைக்காரன்

வெள்ளைப் பின்னணியில், 40-ல், பதின்மூன்று பக்கமாக மறுபடி செய்துவிட்டேன். விலைப் பக்கத்தை வைப்பதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை, இரண்டு விதமாகவும் ஒரு பிரதி இருக்கிறது. அந்த செஃப் நேற்று மாதிரிக்கு 100 கிராம் கேட்டார். கட்டி, கூரியரில் போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, பொட்டலத்தின் மேல் நம்பர் எழுதவில்லை.