லாஞ்சருக்கு அனுமதி இருந்தும் மைன்கிராஃப்ட் ஏன் திறக்கவில்லை?

பொங்கோல் மலர்:
தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகனின் விண்டோஸ் கணினியில் சனிக்கிழமை வரை மைன்கிராஃப்ட் நன்றாக ஓடியது. இப்போது லாஞ்சர் திறக்கிறது, ஆனால் Play பொத்தானை அழுத்தினால் சில விநாடிகளில் மறுபடியும் அதே பொத்தான் வந்து நிற்கிறது. பெற்றோர் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் Minecraft Launcher அனுமதிக்கப்பட்டதாகவே காட்டுகிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஜூரோங் சேகர்:
லாஞ்சருக்கு அனுமதி இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆகவே பெற்றோர் கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்குக் கணினி பழுது பார்த்துக் கொடுப்பவன். மைன்கிராஃப்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள், சரியாகிவிடும்.

ஈசூன் இளமாறன்:
திரு சேகர் "எந்தத் தொடர்பும் இல்லை" என்று அடித்துச் சொல்வதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே பதிலை நம்பி ஒரு வார இறுதியை முழுவதும் வீணடித்த பெற்றோரை நான் அறிவேன்.

ஜாவா பதிப்பில் லாஞ்சர் வேறு, விளையாட்டு வேறு. லாஞ்சர் செய்வதெல்லாம் கணக்கைச் சரிபார்ப்பது, கோப்புகளை இறக்குவது, கடைசியாக javaw.exe என்ற நிரலைக் கிளப்பிவிடுவது ஆகியவைதான். பிள்ளை கட்டை வெட்டுவதும் வீடு கட்டுவதும் அந்த javaw.exe-க்குள் நடக்கின்றன. கட்டுப்பாட்டுப் பக்கம் இவ்விரண்டையும் இரண்டு தனிச் செயலிகளாகவே எண்ணுகிறது. லாஞ்சரை அனுமதித்து மற்றொன்றைத் தடுத்திருந்தால், மலர் சொன்னது போல அப்படியே நடக்கும்: லாஞ்சர் திறக்கும், பொத்தான் அழுந்தும், விளையாட்டு வராது.

மலர் அம்மா, family.microsoft.com பக்கத்தில் மகனின் பெயரைத் தேர்ந்தெடுத்துச் செயலிகள் பட்டியலைப் பாருங்கள். அங்கே javaw.exe மைன்கிராஃப்ட் என்ற பெயரில் இருக்காது. OpenJDK Platform binary என்று இருக்கும்.

பொங்கோல் மலர்:
ஐயா, நீங்கள் சொன்ன பெயரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். சென்ற வார நடவடிக்கை அறிக்கையில் லாஞ்சருக்குச் சில நிமிடங்கள் மட்டுமே இருந்தன, ஆனால் இந்தப் பெயருக்குப் பல மணி நேரம் காட்டியது. கேள்விப்படாத பெயராக இருக்கிறதே, ஏதோ தீங்கான நிரல் புகுந்துவிட்டது போலும் என்று எண்ணிச் சனிக்கிழமை இரவு அதைத் தடுத்துவிட்டேன். அதுதான் விளையாட்டா?

ஈசூன் இளமாறன்:
அதுவேதான். லாஞ்சருக்குச் சில நிமிடங்களே காட்டியதற்கும் அதுவே காரணம். Keep the Launcher open while games are running என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், விளையாட்டு தொடங்கியதும் லாஞ்சர் மூடிக்கொள்ளும், அதன் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். லாஞ்சருக்கு "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்" என்று வரம்பு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் தீரவே தீராது, பிள்ளை மாலை முழுவதும் விளையாடலாம்.

ஜூரோங் சேகர்:
இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். என் அண்ணன் மகனுடைய கணினியில் நானே Minecraft என்ற ஒன்றை மட்டும் அனுமதித்தேன், உடனே ஓடியது. javaw என்ற பெயரையே அங்கே நான் பார்க்கவில்லை. லாஞ்சருக்கு அனுமதி இருந்தால் விளையாட்டுக்கும் அனுமதி இருப்பதாகத்தான் பொருள். அப்படி இல்லாவிட்டால் எந்தப் பெற்றோரால் இதைப் புரிந்துகொள்ள முடியும்?

ஈசூன் இளமாறன்:
உங்கள் அண்ணன் மகன் விளையாடுவது பெட்ராக் பதிப்பாக இருக்கும். அது ஜாவாவில் ஓடுவதே இல்லை, ஆகவே அங்கே javaw-வைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கணினியில் இரண்டு பதிப்புகளையும் 2022 ஜூன் முதல் ஒரே தொகுப்பாக விற்கிறார்கள், இரண்டும் ஒரே லாஞ்சரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எதை விளையாடுகிறான் என்று கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். பெற்றோரால் புரிந்துகொள்ள முடியாது என்பது நியாயமான குறைதான். ஆனால் புரியவில்லை என்பதற்காக, நடப்பது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஜூரோங் சேகர்:
மைன்கிராஃப்ட் என்றால் மைன்கிராஃப்ட்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: லாஞ்சருக்கு அனுமதி இருக்கிறதா, இல்லையா?

தெம்பனிஸ் காதர்:
என் மகளுக்கும் இதே தொல்லைதான். உயர்நிலை ஒன்றுக்குப் பள்ளி மூலம் வாங்கிய கணினியில் எந்த விளையாட்டையும் திறக்க முடியவில்லை. நானும் மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் அவள் பெயரைச் சேர்த்து எல்லாவற்றையும் அனுமதித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் மாறவில்லை. ஆகவே, சகோதரி, பள்ளியைக் கேட்பதுதான் ஒரே வழி. வீட்டிலிருந்து நாம் என்ன செய்தாலும் பயனில்லை.

ஈசூன் இளமாறன்:
காதர் பாய், உங்களுடையது முற்றிலும் வேறு விஷயம். பள்ளிக் கற்றல் கருவிகளில் கல்வி அமைச்சு ஏற்பாட்டின்படி ஒரு கருவி நிர்வாகச் செயலி இருக்கிறது. அதைப் பள்ளிதான் நிர்வகிக்கிறது, உங்கள் மைக்ரோசாஃப்ட் பக்கத்துக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதில் பெற்றோருக்குத் தெரிவு உண்டு: பள்ளியின் அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம், பெற்றோர் கணக்கு வாங்கி மாற்றிக்கொள்ளலாம், அல்லது அந்நேரத்துக்கு அதைச் செயலிழக்கச் செய்யலாம். மலர் சொல்வது வீட்டில் வாங்கிய கணினி, அவரே வைத்த தடை. இரண்டையும் குழப்பினால் அவர் நாளைக்குப் பள்ளி அலுவலகத்தில் போய் நிற்பார், அவர்களுக்கும் ஒன்றும் புரியாது.

தெம்பனிஸ் காதர்:
தெரிவுப் படிவத்தில் நாங்கள் எதையும் மாற்றவில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு வீட்டுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி எதற்கு?

செங்காங் வசந்தி:
நான் துணைப்பாட ஆசிரியை. இந்தத் தகராற்றில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் தவிர்த்த திரை நேரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2025-இல் வழிகாட்டி வெளியிட்டது. அறிக்கையில் "பல மணி நேரம்" என்று வந்தால், தடையை நீக்குவதற்கு முன் அதையல்லவா பார்க்க வேண்டும்? தவிர, javaw-வைத் திறந்துவிட்டால் ஜாவாவில் ஓடும் மற்ற நிரல்களுக்கும் வழி கிடைக்காதா?

ஈசூன் இளமாறன்:
நல்ல கேள்வி, இதை நான் மறைக்கப்போவதில்லை. javaw.exe மைன்கிராஃப்டுக்கு மட்டும் உரியதன்று. அதே நிரலை வைத்து வேறொரு லாஞ்சர், திருட்டுப் பதிப்பு, ஏமாற்று வசதிகளைச் சேர்த்த பதிப்பு எதையும் ஓட்டலாம், அறிக்கையில் எல்லாம் அதே பெயரில்தான் வரும். எது ஓடியது என்பதை அந்தப் பட்டியலை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

ஆனால் தடை, திறப்பு என்ற இரண்டு வழிகள்தான் உண்டு என்று யாரும் எண்ண வேண்டாம். தடையை நீக்கிவிட்டு, நேர வரம்பை லாஞ்சரில் வைக்காமல் OpenJDK Platform binary-இல் வையுங்கள். வார நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஜாவாவில் எதை ஓட்டினாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான். ஒன்றைக் கவனியுங்கள்: மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21 தேவைப்படுகிறது, அதற்கு முந்திய சில பதிப்புகள் 17-இல் ஓடின. லாஞ்சர் தனக்கு வேண்டிய ஜாவாவைத் தானே தனித்தனிக் கோப்புறையில் இறக்கிக்கொள்ளும். என் வீட்டுப் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தன, ஒன்றில் மட்டும் வரம்பு வைத்துவிட்டு மற்றொன்றை மறந்தால் வரம்பு வைத்ததற்குப் பலனில்லை.

ஜூரோங் சேகர்:
பார்த்தீர்களா? ஒரு விளையாட்டுக்காக வீட்டுக் கதவையே திறந்துபோடச் சொல்கிறார். இதைவிட மறுபடி நிறுவுவது எவ்வளவோ மேல். லாஞ்சருக்கு அனுமதி இருக்கிறது, நிறுவலில்தான் கோளாறு.

ஈசூன் இளமாறன்:
நிறுவலில் கோளாறா, தடையா என்பதை வாதாடித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மகனின் கணக்கில் நுழைந்து, Play அழுத்திய பிறகு இந்தக் கோப்பின் நேரத்தைப் பாருங்கள்:

```
%APPDATA%\.minecraft\logs\latest.log
```

விளையாட்டு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இந்தக் கோப்பைப் புதிதாக எழுதும். டிரைவர் கோளாறு என்றால் விளையாட்டு கிளம்பிச் சிறிது தூரம் போய் விழும், கோப்பில் இன்றைய நேரம் இருக்கும், பிழையும் பதிவாகியிருக்கும். javaw தடுக்கப்பட்டிருந்தால் விளையாட்டு கிளம்பவே இல்லை, கோப்பில் பழைய தேதியே நிற்கும். விளையாட்டு திறந்து, Multiplayer பொத்தான் மட்டும் மங்கலாகி, கணக்கு அமைப்பைப் பார்க்கச் சொல்லும் செய்தி வந்தால் அது மூன்றாவது வகை. அது எக்ஸ்பாக்ஸ் தனியுரிமை அமைப்பில் தீரும், இங்கே பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பொங்கோல் மலர்:
பார்த்துவிட்டேன், ஐயா. கோப்பில் சனிக்கிழமை மாலைத் தேதிதான் இருக்கிறது, இன்று பல முறை அழுத்தியும் மாறவில்லை. அழுத்தியபோது மூலையில் சிறிய அறிவிப்பு ஒன்று வந்து போனது என்றும், தான் அதை மூடிவிட்டதாகவும் மகன் இப்போதுதான் சொல்கிறான்.

அதன்பின் திரு சேகர் சொன்னபடி நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே திரு இளமாறன் சொன்னபடி தடையையும் எடுத்தேன். கணினியை மறுபடி தொடக்கியதும் விளையாட்டு திறந்துவிட்டது.

ஜூரோங் சேகர்:
மறுபடி நிறுவியதும் திறந்தது. நான் முதலிலேயே சொன்னதுதான்.

ஈசூன் இளமாறன்:
கோப்பின் தேதி மாறாமல் நின்றதைப் படித்துவிட்டுமா இப்படி எழுதுகிறீர்கள்? அந்த அறிவிப்பும் வந்திருக்கிறதே! மலர் அம்மா, ஒரே ஒரு முறை அந்தத் தடையை மறுபடி போட்டு, வேறு எதையும் தொடாமல் Play அழுத்திப் பாருங்கள். தடை கணினிக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கலாம், இணையம் இணைந்திருக்க வேண்டும்.

பொங்கோல் மலர்:
மன்னிக்கவும், ஐயா, இன்றைக்கு அதை மறுபடி தடுத்தால் வீட்டில் யாரும் தூங்க முடியாது. வரம்பை மட்டும் நீங்கள் சொன்ன இடத்தில் ஒரு மணி நேரமாக வைத்துவிட்டேன்.

செங்காங் வசந்தி:
இரண்டு பதிவுகளிலுமா வைத்தீர்கள், ஒன்றிலா?

பொங்கோல் மலர்:
எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

ஈசூன் இளமாறன்:
வேறு ஜாவா தேவைப்படும் மைன்கிராஃப்ட் பதிப்பை அவன் ஓட்டும் வரை இரண்டாவது வராது. வரும் வாரத்து அறிக்கையைப் பாருங்கள்.

ஜூரோங் சேகர்:
அறிக்கையில் என்ன வந்தாலும் வரட்டும். லாஞ்சருக்கு அனுமதி இருந்தது, நிறுவல்தான் கெட்டிருந்தது. இதில் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

தெம்பனிஸ் காதர்:
பள்ளிக் கணினிக்குப் பெற்றோர் கணக்கு வாங்க யாரிடம் கேட்பது என்று யாராவது சொல்லுங்கள், அதுவாவது உருப்படியாக இருக்கும்.