‘பிளாக்கர்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும், வியாழன் இரவுக்குள்

ஈசூன், ஞாயிறு வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் நம் ஊர்த் தம்பிகளுக்கு லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலை ஒரு வகுப்பு எடுக்கிறேன். வாராந்தர நிலவரத்தைக் குரல்பதிவாக அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள். அதை அரைப் பக்க அறிக்கையாக்கக் கற்றுத் தருகிறேன். முதலில் தமிழில் அடுக்கிவிட்டால் பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது அவர்களுக்கு எளிதாகிறது. மூன்று தலைப்புகள். முதலாவது ‘முன்னேற்றம்’, மூன்றாவது ‘அடுத்த வாரத் திட்டம்’. நடுவில் வருவதுதான் பிளாக்கர், வேலையை நகரவிடாமல் வைத்திருப்பது. நான் ‘தடை’ என்று பலகையில் எழுதினேன். உடனே ஒருவர், “அமைச்சிலிருந்து வந்து வேலையை நிறுத்திட்டாங்களா டீச்சர்?” என்று கேட்டார். தளத்தில் ‘தடை’ என்றால் வேலையை நிறுத்தச் சொல்லும் மனிதவள அமைச்சின் உத்தரவு அவர்கள் நினைவுக்கு வருகிறது. ‘புகைபிடிக்கத் தடை’ என்று பார்த்துப் பழகிய கண்கள், குற்றம் சொல்ல முடியாது.

வகுப்பில் வைத்துக்கொண்ட குரல்பதிவு இது: “அண்ணே, நாலாம் மாடி டிரங்கிங் முடிஞ்சுது. கேபிள் பாதி இழுத்தாச்சு. புதன், வியாழன் மதியம் கேட் ஒன் வந்து கூரை வேலை நின்னுடுச்சு. சிசர் லிஃப்ட் ஒரு நாள் ரிப்பேர், இப்ப ஓடுது. அஞ்சாம் மாடி இன்னும் நமக்கு விடல, ஸ்பிரிங்கிளர் ஆளுங்க டெஸ்ட் முடிக்கல. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.” கேட் ஒன் என்பது மின்னல் எச்சரிக்கை. இதில் மழை, லிஃப்ட், ஐந்தாம் மாடி மூன்றையும் எல்லாரும் நடுத் தலைப்பில் போட்டுவிட்டார்கள். சொல் சரியாக இருந்தால் இந்தக் குழப்பம் குறையும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை கைத்தாள் அச்சுக்குப் போகிறது.

தோ பாயோ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, புதுச்சொல் எதற்கு? வள்ளுவர் வினைசெயல்வகையில் உங்கள் அறிக்கையையே எழுதி வைத்திருக்கிறார். “முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும் பார்த்துச் செயல்” (676). முடிவு, இடையூறு, பயன் என மூன்று தலைப்பும் அதில் இருக்கின்றன. வினைத்திட்பத்தில் “ஊறொரால்” (662) என்று வரும் இடத்தில் ‘ஊறு’ தனியாகவே இடையூற்றைக் குறிக்கிறது. அந்த ஊறுதான் இடையில் வந்து நிற்கும்போது இடையூறு. வினைக்கு நடுவே வருவது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘தடங்கல்’ அப்படியில்லை. அது நடை தட்டுப்படுவது, அவ்வளவுதான்.

செங்காங், மென்பொருள்

ஐயா, எங்கள் துறையில் இது தினமும் புழங்கும் சொல். ஸ்கிரம் என்ற குழுவேலை முறையின் கையேட்டில், 2017 பதிப்பில், தினசரிக் கூட்டத்துக்கு மூன்று கேள்விகள் இருந்தன, மூன்றாவது இதுதான். 2020 பதிப்பில் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பழக்கம் போகவில்லை. கையேட்டில் ‘பிளாக்கர்’ என்றுகூட இல்லை, ‘இம்பெடிமெண்ட்’ என்றுதான் இருக்கிறது. அது லத்தீனில் காலைக் கட்டுவது. ஆகவே வேலையை மெதுவாக்கும் எதுவும் பிளாக்கர்தான். மழை, லிஃப்ட், ஐந்தாம் மாடி மூன்றும் அங்கேயே இருக்கட்டும். சொல்லுக்கு என் ஓட்டு ‘முட்டுக்கட்டை’. கேட்டவுடன் கண்ணில் தெரிகிறது.

தோ பாயோ

காலைக் கட்டுவது என்றால் அது ‘தளை’! தம்பி ஒரு நல்ல கதவைத் திறந்தார். ஆனால் யாப்பில் தளை என்பது ஒரு சீரை அடுத்த சீரோடு பிணைப்பது. தளை இருந்தால்தான் வெண்பா நிற்கும், தட்டினால் விழும். ஆங்கிலத்திலும் செய்யுளின் சீருக்குக் கால் என்றுதான் பெயர். ஒரு மொழியில் காலைக் கட்டினால் நடை நிற்கிறது, நம் மொழியில் காலைக் கட்டினால் பாட்டு நடக்கிறது. இதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

பிடோக், பிறந்தது திருவாரூர்

முட்டுக்கட்டை பற்றி ஒரு சொல். எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுவது பெரிய கைவேலை. சக்கரத்துக்கு முன்னால் அந்தக் கட்டையைச் சரியான கோணத்தில் வைத்துத்தான் தேரை நிறுத்துவார்கள், வீதி முனையில் திருப்புவதும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் தேர் வீட்டுக்குள் போய்விடும். பேச்சில் இன்று ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்றால் வேண்டுமென்றே கெடுக்கிறான் என்று பொருள். ஸ்பிரிங்கிளர் குழு தன் சோதனையை முடிக்காமல் நிற்கிறது, யாரையும் கெடுக்கவில்லை. அந்தச் சொல்லை அறிக்கையில் பார்த்தால் அவர்கள் மேலாளர் சண்டைக்கு வருவார்.

உட்லண்ட்ஸ், தாதி

நான் முதலில் இரத்த அழுத்த மருந்து பற்றிய கேள்வி என்று நினைத்துவிட்டேன், பீட்டா பிளாக்கரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அதற்குத் தமிழ் கேட்கிறீர்களோ என்று பாதி பதில் எழுதிவிட்டுத்தான் முழுக் கடிதத்தையும் படித்தேன்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வார்டில் வேலை மாற்றும்போது “இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறோம், வந்ததும் டாக்டரை அழைக்கவும்” என்று ஒப்படைப்போம். அங்கே தடை என்ற நினைப்பே வருவதில்லை. எதற்காக, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்றுதான் பார்ப்போம். ‘காத்திருப்பு’ என்று தலைப்பு வைத்தால் என்ன?

ஜூரோங், மின்பணி ஒப்பந்தம்

இருபது வருடமாக இந்த அறிக்கைகளை வாங்கிப் படிப்பவன் நான். தாதி அக்கா சொன்னதுதான் விஷயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செங்காங் தம்பி சொன்னதில் பாதி சரி. மெதுவாக்குவதையும் எழுத வேண்டும், ஆனால் அந்தத் தலைப்பில் இல்லை. ஏன் என்று அதே குரல்பதிவை வைத்துச் சொல்கிறேன்.

எழுத உட்காரும்போது முதல் வேலை, போன வார அறிக்கையின் ‘அடுத்த வாரத் திட்டம்’ பகுதியை எடுத்து மேலே ஒட்டுவது. அந்தத் தம்பியின் போன வாரத் திட்டத்தில் நாலாம் மாடி டிரங்கிங், 24 கேபிளில் 18, கூரையில் ஏணித்தட்டு மூன்றும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். ‘பாதி’ என்று எழுதவே கூடாது. பாதி எதில் பாதி என்று படிப்பவருக்குத் தெரியாது. அதைவிட மோசம் ‘கிட்டத்தட்ட முடிந்தது’. அது நாலு வாரம் அப்படியே இருக்கும். எண்ணக்கூடியதை எண்ணச் சொல்லுங்கள்.

மழைக்கு வருகிறேன். கேட் ஒன் வந்தால் கூரையில் நிற்க முடியாது, அது உண்மை. ஆனால் அந்த இரண்டு மதியமும் போய்விட்டன, என் மேலாளரால் அவற்றைத் திருப்பித் தர முடியாது. அது முன்னேற்றத்தில் ஏன் குறைவு என்பதற்கான காரணம். லிஃப்டும் அப்படியே, சரியாகிவிட்டது. ஐந்தாம் மாடி மட்டும்தான் இன்றும் நிற்கிறது. அதோடு, திறந்துவிடும் சாவி என் ஆளிடம் இல்லை, இன்னொருவர் கையில் இருக்கிறது. இன்றும் நிற்கிறதா, சாவி வேறொருவர் கையிலா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால்தான் நடுத் தலைப்பு. அடுத்த வாரமும் இடி வரலாம் என்றால் அது திட்டத்தில் ஒரு வரி.

நான் எழுதினால் இப்படி வரும்:

முன்னேற்றம்: நாலாம் மாடி டிரங்கிங் முடிந்தது. கேபிள் 24இல் 14 (திட்டம் 18), லிஃப்ட் ஒரு நாள் பழுது. கூரை ஏணித்தட்டு முடியவில்லை, மின்னல் எச்சரிக்கையால் இரண்டு மதியம் நின்றது.

(நம் சொல்): ஐந்தாம் மாடி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஸ்பிரிங்கிளர் அழுத்தச் சோதனை முடியவில்லை. தலைமை ஒப்பந்தக்காரரின் ஒருங்கிணைப்பாளர் செவ்வாய் மாலைக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் புதனிலிருந்து நாலு பேருக்கு வேலை இல்லை.

அடுத்த வாரம்: மீதி 10 கேபிள் வியாழனுக்குள். கூரை ஏணித்தட்டைக் காலை வேளையில் முடிப்பது. செவ்வாய் மாடி கிடைத்தால் புதன் ஐந்தாம் மாடி டிரங்கிங் தொடக்கம்.

நடுத் தலைப்பின் கடைசி வாக்கியம்தான் மேலாளரைத் தொலைபேசியை எடுக்க வைக்கும். நாலு பேர் சும்மா உட்காருவார்கள் என்பது அவருக்குப் பணம். ஒரே வரி மூன்றாவது வாரமும் மாறாமல் வந்தால் அதில் ஆள் பெயரோ நாளோ இல்லை என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஒருமுறை என் அறிக்கையிலேயே ‘வரைபடம் வரவில்லை’ என்று ஐந்து வாரம் எழுதினேன். யார் தர வேண்டும் என்று எழுதாததால் எல்லாரும் அடுத்தவர் தருவார் என்று இருந்துவிட்டார்கள்.

சொல்லுக்கு என் யோசனை ‘எதற்காக நிற்கிறோம்’. சொல்லாக இல்லாமல் கேள்வியாகவே இருக்கட்டும்.

செங்காங்

அண்ணே, மழை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுதும் நிற்காமல் இழுத்துக்கொண்டிருப்பது எங்கே போகும்? எங்கள் சோதனைக் கணினி ஒரு மாதமாக மெதுவாக இருக்கிறது. வேலை நிற்கவில்லை, ஆனால் அதைச் சரிசெய்யும் சாவி வேறு துறையிடம்தான் இருக்கிறது. உங்கள் இரண்டு கேள்வியில் ஒன்றுக்கு ஆம், ஒன்றுக்கு இல்லை.

ஜூரோங்

அது கடினமான இடம்தான் தம்பி. நான் என்றால் அதனால் எத்தனை நாள் போகிறது என்று எண்ணி முன்னேற்றத்தில் எழுதுவேன். எண் பெரிதானால் நடுவில் ஏற்றுவேன். எந்த எண் பெரிது என்பதற்கு என்னிடம் விதி இல்லை.

தோ பாயோ

கேள்வி கலைச்சொல் ஆகாது ஐயா. பெயர்ச்சொல்லாக இருந்தால்தான் ‘இடையூறுகள்’ என்று பன்மையாக்கலாம், ‘இடையூறு நீக்கம்’ என்று தொடராக்கலாம். ‘காத்திருப்பு’ நல்ல சொல்தான், ஆனால் அது நம் நிலையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. நாம் பெருவிரைவு ரயில் என்று எழுதுகிறோம், எம்.ஆர்.டி என்று பேசுகிறோம். எழுத்துக்கு ஒரு தரம் இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

பிடோக்

எழுத்திலும் பேச்சிலும் ஒரே சொல் இருந்தால் லாபம் ஐயா. குரல்பதிவில் அந்தத் தம்பி ‘இடையூறு’ என்று சொல்வாரா? ‘தடங்கல்’ என்று சொல்வார். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று தொலைக்காட்சித் திரையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கேயும் யாரோ சரிசெய்தால்தான் படம் திரும்ப வரும்.

ஈசூன்

வியாழன் இரவு பதினொன்று ஆகிவிட்டது. தடங்கலுக்கு மூன்று பேர், இடையூறுக்கு ஒருவர், காத்திருப்புக்கு அக்கா ஒருவர். முட்டுக்கட்டையைத் தம்பியே விட்டுவிட்டார். கைத்தாளில் ‘தடங்கல்’ என்று போட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் “எதற்காக நிற்கிறோம்? யார் கையில்? எந்த நாளுக்குள்? இல்லாவிட்டால் என்ன?” என்று அச்சிடக் கொடுத்துவிட்டேன். முதல் தலைப்பை ‘முன்னேற்றம்’ என்பதற்குப் பதில் ‘முடிந்தது’ என்று மாற்றினேன். குறளில் ‘முடிவு’ முன்னால் வருவதைப் பார்த்ததும் அதுதான் சரி என்று பட்டது. முடியாததை ‘முடிந்தது’ என்ற தலைப்பின் கீழ் எழுத அவர்களுக்குக் கை வராது. அப்புறம், 24இல் 14 என்பது அதில் எப்படி உட்காரும் என்று யாராவது யோசித்துச் சொல்லுங்கள்.

தோ பாயோ

குறளிலிருந்து முடிவை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்த இடையூறை விட்டுவிட்டீர்களே அம்மா. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வோம். தளை பற்றிய தனி இழையை இன்று தொடங்கியிருக்கிறேன்.