ஒலிக்காத அழைப்பு, வராத அழைப்பா?

கம்பிவடம் (பாயான் லெப்பாஸ்)

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் வாட்ஸ்அப் குழுவில் பெரியவர் நேற்று எழுதியது: "புலனத்தில் தெரியாத எண்களை மௌனமாக்கிவிட்டேன். ஐபி மறைக்கும் அமைப்பு வேண்டாத வேலை. ஒலிக்காத அழைப்பு, வராத அழைப்பு." அதற்கு முப்பது பேர் கைகூப்பியிருக்கிறார்கள். அங்கே மறுத்து எழுதினால் என்ன நடக்கும் என்று போன வருடமே பார்த்துவிட்டேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மௌனமாக்குவது வாசலில் நிற்கும் ஆளுக்கு. ஐபி மறைப்பது, நாமே கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்த ஆளுக்கு. என் மைத்துனர் பழைய மோட்டார்சைக்கிளை விற்க விளம்பரம் போட்டார். வாங்க வந்தவனுக்கு விலையும் படமும் அனுப்பினார். அந்த நிமிடமே அவன் தெரிந்தவன் கணக்கில் சேர்ந்துவிட்டான், மறுநாள் அழைத்தபோது மணி அடித்தது. மைத்துனர் எடுத்தார். இருவர் மட்டும் பேசும் அழைப்பில் வாட்ஸ்அப் முடிந்தவரை இரண்டு கைப்பேசிகளையும் நேரடியாக இணைக்கப் பார்க்கும். நேரடியாக இணைந்தால் இவர் வீட்டு இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி அவன் பக்கம் போய்ச் சேரும். மௌன அமைப்பு இதில் ஒன்றும் செய்யாது.

பினாங்குப் பெரியவர்

தம்பி, நான் 31 ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவன். மணி அடித்தால்தான் அழைப்பு. நான் தெரியாத எண்ணைப் பற்றித்தான் எழுதினேன். நீங்கள் மோட்டார்சைக்கிள் கதை சொல்கிறீர்கள். ஒலிக்காத அழைப்பு, வராத அழைப்பு. அதோடு, அழகான தமிழில் 'புலனம்' என்று ஒரு சொல் இருக்கும்போது வாட்ஸ்அப் எதற்கு?

செந்தூல் அக்காள்

இந்த மௌனத்தால் நான் பட்டது போதும். போன மாதம் என் அம்மாவின் அறுவைச் சிகிச்சைத் தேதியை முன்னதாக மாற்றிவிட்டு மருத்துவமனையிலிருந்து மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். என் ஐபோன் முனகவே இல்லை. சாயங்காலம் பார்க்கும்போது மூன்று தவறிய அழைப்புகள், அலுவலகம் மூடிவிட்டது. மறுபடி தேதி கிடைக்க ஐந்து வாரம். வாட்ஸ்அப்பில் அந்த அமைப்பை அணைத்துவிட்டேன், ஆனால் கூரியர்காரர் அழைத்தால் இன்னமும் மணி அடிக்கவில்லை. ஏன்?

கம்பிவடம்

அக்கா, நீங்கள் அணைத்தது வேறு, உங்களை மௌனமாக்கியது வேறு. மருத்துவமனை அழைத்தது சாதாரணத் தொலைபேசி அழைப்பு. அதை அடக்கியது ஐபோனின் சொந்த அமைப்பு, 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்தது. Settings-இல் Phone பகுதிக்குள் Silence Unknown Callers என்று பாருங்கள், புதிய ஐஓஎஸ்ஸில் Apps-க்குள் Phone போனால் Screen Unknown Callers என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் உள்ளது 2023 ஜூனில் வந்தது, வாட்ஸ்அப் வழியாக வரும் அழைப்புகளை மட்டுமே தொடும். பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் எல்லோரும் குழம்புகிறார்கள். அம்மாவின் சிகிச்சை முடியும்வரை ஐபோனில் உள்ளதை அணைத்தே வையுங்கள்.

பினாங்குப் பெரியவர்

பார்த்தீர்களா, அக்காளுக்கு ஒலிக்கவில்லை, அழைப்பும் வரவில்லை. என் கருத்துதான் உறுதியாகிறது.

செந்தூல் அக்காள்

ஐயா, அழைப்பு வந்தது. மூன்று முறை வந்தது. என் அம்மா ஐந்து வாரம் காத்திருக்கிறார். அதை வராத அழைப்பு என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி

கம்பிவடம் சொல்வதில் பாதி விஷயம் மறைந்திருக்கிறது. அந்த ஐபி மறைக்கும் அமைப்பு என்ன செய்கிறது? உங்கள் பேச்சை நிறுவனத்தின் சர்வர் வழியாகத் திருப்பிவிடுகிறது. நேராகப் போய்க்கொண்டிருந்த பேச்சை நடுவில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார்கள். சர்வர் வழியாகப் போனால் அவர்கள் உட்கார்ந்து கேட்கலாம். நான் அதை ஒருபோதும் இயக்கமாட்டேன்.

கம்பிவடம்

கேட்க முடியாது. பேச்சு உங்கள் கைப்பேசியிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே கிளம்புகிறது, சாவி எதிர்முனைக் கைப்பேசியில் இருக்கிறது. சர்வர் மூட்டையைக் கைமாற்றும் தபால்காரர் மட்டுமே. உங்கள் குடும்பக் குழு அழைப்பு இந்த அமைப்பு வருவதற்கு முன்பிருந்தே சர்வர் வழியாகத்தான் போகிறது. அதைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லையே?

பிரிக்பீல்ட்ஸ்வாசி

யார் யாருடன், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது தபால்காரருக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கம்பிவடம்

தெரியும். ஆனால் நேரடியாக இணைத்தாலும் அழைப்பைத் தொடங்கிவைப்பது அதே சர்வர்தான், ஆகவே யார் யாரை அழைத்தார்கள் என்பது முன்பும் தெரியும். இந்த அமைப்பு உங்கள் முகவரியை எதிரில் பேசுபவரிடமிருந்து மட்டுமே மறைக்கிறது. நிறுவனத்திடமிருந்தோ இணைய இணைப்புத் தருபவரிடமிருந்தோ மறைப்பதாக யாரும் சொல்லவில்லை.

வாயால் சண்டை போட விருப்பமில்லாமல் சனிக்கிழமை சோதித்தே பார்த்தேன். மடிக்கணினியிலிருந்து வைஃபை பகிர்ந்து, என் கைப்பேசியை அதில் இணைத்து, இணையப் போக்குவரத்தைப் படம்பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்துவைத்துக்கொண்டு கிள்ளானில் இருக்கும் மைத்துனரை அழைத்தேன். முதலில் சர்வருடன் கொஞ்சம் பேச்சுவார்த்தை நடக்கும். அது 3478 என்ற வாசல் எண் வழியாக நடப்பதால், அதைப் பார்க்க இந்த வடிகட்டி போதும்:

```
udp.port == 3478
```

அவர் எடுத்து நாலைந்து நொடிக்குள் அந்த ஓட்டம் மெலிந்தது. வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால் வேறொரு முகவரியுடன் யூடிபி தரவுப் பொட்டலங்கள் மழைபோல் ஓடுகின்றன. மைத்துனரிடம் அவர் வீட்டு ஐபி முகவரியைப் படிக்கச் சொன்னேன். எண்ணுக்கு எண் அதுவேதான். அழைப்பைத் துண்டித்துவிட்டு, என் பக்கம் மட்டும் Settings > Privacy > Advanced போய் Protect IP address in calls என்பதை இயக்கிவிட்டு மறுபடி அழைத்தேன். இந்த முறை அவர் முகவரி கண்ணிலேயே படவில்லை, கடைசிவரை எல்லாம் 3478 வழியாகவே ஓடின. ஒரு பக்கம் இயக்கினாலே போதும் என்று அப்போதுதான் நிச்சயமாயிற்று.

மூன்றாவதாக, என் பக்கம் அதை அணைத்துவிட்டு, அவரை வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறச் சொன்னேன். அமைப்பு இல்லாமலேயே அழைப்பு சர்வர் வழியாகப் போனது! தொலைத்தொடர்பு நிறுவனம் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கும் இடத்தில் நேர்வழி பல நேரம் அமையாது. ஆக, பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் எல்ஆர்டி ரயிலில் இருந்துகொண்டு பேசிய எத்தனையோ அழைப்புகள் ஏற்கெனவே தபால்காரர் கையால் போயிருக்கலாம்.

பினாங்குப் பெரியவர்

சனிக்கிழமை முழுவதும் மைத்துனருடன் விளையாடியிருக்கிறீர்கள். அந்த ஐபி முகவரியை வைத்து ஒருவன் என்ன கிழித்துவிடுவான்? என் ஐபியை ஒரு வலைத்தளத்தில் போட்டுப் பார்த்தேன், கோலாலம்பூர் என்று காட்டுகிறது. நான் பட்டர்வொர்த்தில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு வாசலையா காட்டிவிடும்? என் நிலைப்பாடு மாறவில்லை. ஒலிக்காத அழைப்பு, வராத அழைப்பு.

கம்பிவடம்

வீட்டு வாசலைக் காட்டாது, அதில் நீங்கள் சொல்வது சரி. எந்த நிறுவனத்தின் இணைப்பு, ஏறத்தாழ எந்த வட்டாரம் என்பதுதான் தெரியும், அதுவும் உங்களுக்குக் காட்டியதுபோல் தவறலாம். ஆனால் கணினி விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் ஒரு பையன் எதிராளி வீட்டு இணைப்பைப் பொட்டலங்களால் திணறடிக்க அந்த எண் போதும். பிரிந்துபோன கணவரிடமிருந்து ஊர் மாறி ஒளிந்து வாழும் பெண்ணுக்கு, எந்த ஊர் என்று தெரிவதே பெரிய ஆபத்து. அவர் பிள்ளைக்காக அந்த ஆளின் அழைப்பை எடுத்துத்தான் ஆகவேண்டும். தெரியாத எண் இல்லையே அது.

உங்கள் வாசகத்துக்கே வருகிறேன். 2019 மே மாதம் வெளியான விவகாரம் நினைவிருக்கிறதா? வாட்ஸ்அப்பின் குரல் அழைப்பு நிரலில் இருந்த ஓட்டை வழியாக பெகாசஸ் உளவு மென்பொருள் சுமார் 1,400 பேரைக் குறிவைத்தது. எடுக்கவே வேண்டாம், தவறிய அழைப்பே போதுமானதாக இருந்தது. எடுக்காத அழைப்பு வராத அழைப்பு என்று அவர்களும் நம்பியிருப்பார்கள்.

பினாங்குப் பெரியவர்

அப்போது மௌன அமைப்பு இல்லை! இப்போது இருக்கிறது! நான் சொல்வதைத்தான் நீங்கள் சுற்றிவளைத்துச் சொல்கிறீர்கள்.

கம்பிவடம்

மௌன அமைப்பு அந்த வகைத் தாக்குதலுக்கும் வழியைக் குறுக்குகிறது என்று வாட்ஸ்அப் பொறியாளர்களே எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. நமக்குத் தெரிந்தவர்களிடம் நம் கைப்பேசி முன்கூட்டியே ஒரு டோக்கனைக் கொடுத்து வைக்கிறது. அழைப்பவர் கையில் அது இருந்தால்தான் மணி அடிக்கும். அதனால் அதை இயக்குங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் மணி அடிக்காவிட்டாலும் அழைப்புப் பட்டியலில் அந்த எண் இருக்கும், அறிவிப்பும் இருக்கும். ஆர்வத்தில் அந்த எண்ணுக்கு நீங்களே திருப்பி அழைத்தால் டோக்கனை உங்கள் கையாலேயே கொடுத்தாயிற்று. போன வாரம் நீங்கள் குழுவில் என்ன எழுதினீர்கள்? "யாரோ அழைத்திருந்தார்கள், திருப்பி அழைத்தால் வங்கி என்று சொன்னார்கள்."

பினாங்குப் பெரியவர்

குழுவில் எழுதியதை வெளியே கொண்டுவருவது பண்பா? இதற்காகத்தான் போன வருடம் உங்களை நீக்கினேன். இன்னும் நீக்குவேன்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி

ஆ, தண்ணீர்ப்பந்தல் கணக்கு கேட்டதற்காக நீக்கினீர்கள் என்றல்லவா நாங்கள் கேள்விப்பட்டோம்?

பினாங்குப் பெரியவர்

கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. மோர் வாங்கிய ரசீது உட்பட.

செந்தூல் அக்காள்

ஐபோனில் கண்டுபிடித்து அணைத்துவிட்டேன். உடனே மணி அடித்தது. முதலீடு செய்யச் சொல்லும் மோசடிக்காரன். கம்பிவடம் தம்பி, நன்றியா திட்டா என்று தெரியவில்லை.

கம்பிவடம்

மருத்துவமனையின் எண்ணைத் தொடர்பில் சேமித்துவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள் அக்கா. ஆனால் பெரிய அலுவலகங்கள் அழைக்கும்போது வேறு வேறு எண்கள் தெரியும், எல்லாவற்றையும் சேமிக்க முடியாது. இதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை. வங்கி என்று ஏமாற்றிப் பணம் போய்விட்டால் மட்டும் தாமதிக்காமல் மோசடிப் புகார் மையத்தின் 997-க்கு அழையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி

சர்வர் வழியாகப் போனால் குரல் இழுபடும் என்று அவர்களே அந்த அமைப்பின் கீழ் எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?

கம்பிவடம்

தரம் குறையலாம் என்றுதான் இருக்கிறது. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை போய் வளைந்தாலும் சுமார் 600 கிலோமீட்டர், கண்ணாடி இழையில் ஒளி அதை 3 மில்லிநொடியில் கடக்கும். நடுவில் உள்ள கருவிகள் சேர்ப்பதையும் கூட்டினாலும் நல்ல இணைப்பில் காதுக்குத் தெரியாது. மைத்துனருக்குத் தெரியவில்லை. வைஃபை மோசமான வீட்டில் தெரியலாம்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி

தெரியலாம் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பினாங்குப் பெரியவர்

எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நேற்றிலிருந்து புலனத்தில் தெரியாத எண் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. ஒலிக்காத அழைப்பு, வராத அழைப்பு. இந்த இழையை நாளை தண்ணீர்ப்பந்தல் குழுவில் பதிவிட்டு அங்கேயே தீர்ப்புக் கேட்கிறேன்.

கம்பிவடம்

நான் அந்தக் குழுவில் இல்லையே ஐயா. நீங்கள்தானே நீக்கினீர்கள்?