‘ஃபேஸ் நாய்ஸ்’: கட்ட இரைச்சலா, கட்டத் தடுமாற்றமா?

காசிமேடு, ரேடியோ மெக்கானிக்:

எல்லோருக்கும் வணக்கம். என் பட்டறையில் வேலை கற்கும் பையன்களுக்காகப் படகு ரேடியோ பழுதுபார்ப்பது பற்றித் தமிழில் குறிப்பு எழுதி வருகிறேன். ‘ஃபேஸ் நாய்ஸ்’ வரும் இடத்தில் என்ன எழுதுவது?

இப்போது மேசைமேல் இருக்கும் விசைப்படகு செட்டையே சொல்கிறேன். தனியாகச் சோதித்தால் 0.25 மைக்ரோவோல்ட் சிக்னலைக்கூடச் சுத்தமாகப் பிடிக்கிறது. துறைமுகத்துக்குள் கொண்டுபோனால், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற படகுக்காரர் அடுத்த சேனலில் மைக்கை அழுத்தியதும் கடலிலிருந்து வரும் மெல்லிய குரல் முழுகிவிடுகிறது. அவர் மைக்கை விட்டால் குரல் திரும்பிவிடுகிறது. செட்டுக்குள் இருக்கும் அலையியற்றியின் ஃபேஸ் நாய்ஸ்தான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன். பையன்களிடம் ‘இரைச்சல்’ என்று சொன்னால் ஸ்பீக்கரில் காது வைத்துத் தேடுகிறார்கள். தனியாக ஓடும்போது அங்கே ஒன்றும் கேட்காதே!

வியாசர்பாடி, எலக்ட்ரீஷியன்:

அண்ணே, மூணு ஃபேஸில் ஒண்ணு போனா மோட்டார் உறுமும், அதைத்தானே கேக்குறீங்க? எங்க தெருவில் வெல்டிங் பட்டறை ஓடும்போது ரேடியோவில் கரகரன்னு வரும். லைனில் ஒரு ஃபில்டர் போட்டேன், அடங்கிடுச்சு. ‘மின்தட இரைச்சல்’னு வைங்க.

பெரம்பூர், ஓய்வுபெற்ற மின்னணுவியல் ஆசிரியை:

வியாசர்பாடித் தம்பி சொல்வது வேறு ஃபேஸ். ஆனால் அவர் எழுதியதால் ஒன்று உறுதியாகிறது: ‘ஃபேஸ்’ என்று அப்படியே எழுதினால் நம் பக்கத்தில் கரண்ட் லைன் என்றுதான் படிப்பார்கள். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் ‘கட்டம்’ போதும். நான் ‘கட்ட இரைச்சல்’ என்பேன்.

மெக்கானிக் தம்பி, இரைச்சல் காதில் கேட்காததற்குக் காரணம் இது. அலையியற்றி ஓட வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையரும் ஒத்ததிர்வுச் சுற்றும் சேர்ந்த வளையத்தில் கட்டம் ஒரு சுற்று முடித்துச் சரியாகத் தொடக்கத்துக்கே வர வேண்டும். டிரான்சிஸ்டரின் இரைச்சல் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டால், ஒத்ததிர்வுச் சுற்று அதே அளவை எதிர்த்திசையில் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். அதற்கு அதிர்வெண் நகர்ந்தே ஆக வேண்டும். எவ்வளவு நகரும் என்பதை ஒத்ததிர்வுச் சுற்றின் தரக்காரணி, அதாவது கியூ, தீர்மானிக்கிறது:

```
Δf = (f0 / 2Q) × Δθ
```

கணக்குக்கு 150 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கியூ 20 என்றால், கட்டம் ஒரு பாகை, அதாவது ஏறத்தாழ 0.0175 ரேடியன், தள்ளப்பட்டதும் அதிர்வெண் ஏறத்தாழ 65 கிலோஹெர்ட்ஸ் ஓடும். கியூ 40 என்றால் அதில் பாதி. உண்மையான இரைச்சல் தள்ளுவது ஒரு பாகையில் மிகச் சிறு பங்குதான். ஆனாலும் விகிதம் இதேதான். கியூ கூடினால் கட்டச் சரிவு செங்குத்தாகும்; அதே தள்ளலுக்கு அதிர்வெண் குறைவாகவே நகரும். 1966இல் அமெரிக்கப் பொறியாளர் லீசன் எழுதிய சூத்திரத்தின் அடிப்படை இதுதான்.

தண்டையார்பேட்டை, பொறியியல் மாணவர்:

மேடம், கட்ட இரைச்சல் என்ற சொல் எனக்கும் சரி. ஆனால் அண்ணன் கவலைப்பட வேண்டிய தேவையே இல்லையே? இந்த செட்டுகளில் குவார்ட்ஸ் படிகம்தான் ஆதாரம். படிகத்தின் கியூ பத்தாயிரங்களில் தொடங்கிப் பல லட்சம் வரை போகும். அவ்வளவு கியூ இருக்கும்போது இரைச்சல் எங்கிருந்து வரும்?

பெரம்பூர், ஆசிரியை:

பாதி சரி, தம்பி. அலையியற்றியைப் படிகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது வேறொரு வளையம்; அதற்கு ஒரு வேகம்தான் உண்டு. இந்த மாதிரி செட்டுகளில் அந்த வளையத்தின் அகலம் பெரும்பாலும் ஓரிரு கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. அதற்குள் வரும் தடுமாற்றத்தைப் படிகம் அடக்கிவிடும். கடற்படகு சேனல்களின் இடைவெளி 25 கிலோஹெர்ட்ஸ். அவ்வளவு தள்ளிப் போனால் வளையத்தால் எட்டிப்பிடிக்க முடியாது. அங்கே காயிலும் வரக்டர் டையோடும் சேர்ந்த சுற்றின் கியூதான் பேசும்.

காசிமேட்டுக் கதைக்குக் கணக்குப் போடுகிறேன். அந்தப் படகின் 25 வாட் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ −30 டிபிஎம்மாக வந்து சேரும். சுற்றில் பொருத்திய நிலையில் கியூ 20, வழக்கமான சிறு டிரான்சிஸ்டர் என்று எடுத்தால், 25 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் இருக்கும் இரைச்சல், அலையியற்றியின் அலையைவிட ஏறத்தாழ 123 டெசிபெல் கீழே. அடுத்த சேனலின் பலத்த அலை இந்த இரைச்சலோடு கலந்து நம் சேனலில் விழுகிறது. 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கூட்டினால் −111 டிபிஎம். செட் தனியாகப் பிடிக்கும் 0.25 மைக்ரோவோல்ட் −119 டிபிஎம் அல்லவா? நடுவில் இருக்கும் 8 டெசிபெல்லில்தான் உங்கள் கடல் குரல் மூழ்குகிறது. கியூ இரட்டித்தால் 6 டெசிபெல் திரும்பக் கிடைக்கும். பாதியானால் 6 டெசிபெல் போகும்.

காசிமேடு, மெக்கானிக்:

மேடம், அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அலையியற்றியின் தகர மூடியைக் கழற்றினேன். காயிலின் ஒரு கால் பற்றவைத்த இடத்தில் பச்சை பூத்திருக்கிறது, உப்புக் காற்று. காயில் ஏறத்தாழ 80 நானோஹென்றி. 150 மெகாஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 75 ஓம். கியூ 75 என்றால் உள்ளே இழப்பு ஒரே ஒரு ஓம்தான். இந்தப் பச்சை இன்னொரு ஓம் சேர்த்தால் காயிலின் கியூ பாதி! மல்டிமீட்டரில் வைத்தால் எளிதில் கண்ணில் படாது. ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிப் புதிதாகப் பற்றவைத்திருக்கிறேன்.

தம்பி, மேடம், இருவரையும் கேட்கிறேன்: காயிலை இன்னும் தளர்வாக இணைத்தால் சுற்றில் கியூ ஏறுமே, அப்படிச் செய்யலாமா?

பெரம்பூர், ஆசிரியை:

கொஞ்ச தூரம் வரைதான். தளர்த்தத் தளர்த்த கியூ ஏறும், ஆனால் ஆம்ப்ளிஃபையருக்குத் திரும்பி வரும் சக்தி குறையும். இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் உள்ள விகிதம் கெடும். சுற்றில் பொருத்திய கியூ, காயிலின் சொந்தக் கியூவில் பாதியைச் சுற்றி இருக்கும்போதுதான் பலன் அதிகம். ஆகவே தளர்த்துவதைவிடக் காயிலின் இழப்பைக் குறைப்பதே நல்ல வழி. நீங்கள் செய்தது அதுதான்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. யாரும் பேசாத சேனலில் செட்டை வைத்து, லிமிட்டருக்கு முன்னால் அளவைப் பாருங்கள். பக்கத்துச் சேனல் அலையைக் கொடுத்ததும் அங்கே இரைச்சல் ஏறினால் அது கட்ட இரைச்சல். இரைச்சல் ஏறாமல் இறங்கினால் முன்பக்க ஆம்ப்ளிஃபையர் திணறுகிறது. காயிலைத் தொட்டுப் பயனில்லை. அலையைப் படிக அலையியற்றியிலிருந்தே கொடுங்கள். மலிவான ஜெனரேட்டரின் சொந்த இரைச்சல் உங்கள் செட்டின் இரைச்சலாக வேஷம் போடும்.

தண்டையார்பேட்டை, மாணவர்:

அப்படியென்றால் பக்கத்துப் படகின் டிரான்ஸ்மிட்டரே இரைச்சலோடு அனுப்பினாலும் இதே அறிகுறிதானே?

பெரம்பூர், ஆசிரியை:

ஆமாம். அப்போது அண்ணன் செட்டை எவ்வளவு சரிசெய்தாலும் துறைமுகத்தில் குரல் மூழ்கும். அடுத்தவர் செட்டைத்தான் திறக்க வேண்டும்.

காசிமேடு, மெக்கானிக்:

மேசையில் படிக அலை கொடுத்துப் பார்த்தேன், இரைச்சல் முன்னைவிடக் குறைவு. துறைமுகத்தில் இன்னும் பார்க்கவில்லை.

சொல் விஷயத்தில் மட்டும் மேடத்தோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. கட்டம் தள்ளப்படுவதைச் சொல்லிக்கொடுக்கும்போது ‘கட்டத் தடுமாற்றம்’ என்றதும் பையன்களுக்குப் பட்டென்று பிடிபடுகிறது. அளவை எழுதும் இடத்தில் ‘கட்ட இரைச்சல்’ என்று போடுகிறேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயரா என்று கேட்பீர்கள்.

தண்டையார்பேட்டை, மாணவர்:

கேட்கத்தான் போகிறேன் அண்ணே. ‘ஜிட்டர்’ என்று நேரக்கணக்கில் அளப்பதும் இதே தடுமாற்றம்தான். அதற்கு ‘நடுக்கம்’ என்று வைத்தால் மூன்றாகிவிடும்.