பட்டறைப் படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறீர்கள்? ஆத்தங்குடிக் கல் அனுபவம்

காரைக்குடிப் பையன்

ஆத்தங்குடியில் சித்தப்பாவின் டைல்ஸ் பட்டறை இருக்கிறது. கண்ணாடி மேல் சாயச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்யும் தரைக்கல். படம், வீடியோ, அதற்குக் கீழே எழுதும் கேப்ஷன் எல்லாம் என் பொறுப்பு. இரண்டு வருடமாக எழுதுகிறேன். எது நம்பிக்கை தந்தது, எது கெடுத்தது என்று சொல்கிறேன். கையால் செய்து விற்கிறவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

முதலில் எழுதியது இப்படி: "நூறு சதவீதம் கைவேலை. பாரம்பரியம் மாறாத தரம். கண்ணாடி போல் மின்னும் ஆத்தங்குடிக் கற்கள்." படம் உண்மையான படம்தான். கண்ணாடியிலிருந்து கல்லை உரித்த அடுத்த நிமிடம் எடுத்தது. ஈரத்தோடு அப்படி ஒரு மினுமினுப்பு. லைக் நிறைய வந்தது.

அந்தப் படத்தைப் பார்த்து சென்னையில் ஒருவர் ஹால் முழுவதுக்கும் வாங்கினார். பதித்துப் பதினைந்து நாளில் போன் செய்தார். சிவப்புக் கல்லின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, மினுக்கமும் இல்லை, சாயம் போலியா என்று கேட்டார். சித்தப்பாவே நேரில் போய்ப் பார்த்தார். கீழே போட்ட கான்கிரீட் சரியாகக் காயும் முன்பே கல் பதித்திருந்தார்கள். அந்த ஈரம் கல் வழியாக மேலே ஏறும்போது சிமெண்டில் உள்ள சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. காற்று பட்டதும் அது வெள்ளையாக உறைந்துவிடுகிறது. தினமும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னோம். இரண்டு மாதத்தில் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர் எங்களை நம்பவில்லை. அவர் மேல் தப்பில்லை. நான் காட்டியது ஒரு நிமிடத்து மினுக்கம், எழுதியது எப்போதும் மின்னும் என்று.

அதன் பிறகு அதே படத்துக்கு இப்படி எழுதினேன்:

"கண்ணாடியை உரித்த அடுத்த நிமிடம் எடுத்த படம். உங்கள் வீட்டுக்கு வரும்போது இந்த மினுக்கம் குறைந்திருக்கும். நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத் திரும்பி வரும். பதித்த புதிதில் வெள்ளையாகப் பூக்கலாம், அது சுண்ணாம்பு. ஈரத்துணி போதும். ஆசிட் ஊற்றாதீர்கள், சாயத்தைத் தின்றுவிடும்."

லைக் பாதிகூட இல்லை. ஆனால் கேட்டு வந்தவர்கள் விவரமாகக் கேட்டு வந்தார்கள்.

கோவை வீட்டுக்காரர்

தம்பி, எந்த கேமரா? கண்ணாடியில் நிழல் விழாமல் எப்படி எடுக்கிறீர்கள்? நானும் தோட்டத்தைப் படம் எடுக்க முயற்சி செய்கிறேன், ஜன்னல் பக்கமிருந்து எடுத்தால் எல்லாம் வெளுத்துவிடுகிறது.

காரைக்குடிப் பையன்

போன் கேமராதான் அண்ணே. காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடுவேன், கூரைக்குள் வெயில் இறங்கும் முன்னால்.

சின்னாளப்பட்டி அக்கா

எனக்குக் கல் தெரியாது. சுங்குடி தெரியும். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியையும் அச்சுச் சுங்குடியையும் பக்கத்தில் வைத்தால் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். "கைமுடிச்சு" என்று எத்தனை தடவை எழுதினாலும் யாரும் நம்பவில்லை. ஒரு நாள் சாயம் தோய்த்து முடிச்சு அவிழ்க்காத சேலையை அப்படியே நாத்தனார் கையோடு வீடியோ எடுத்துப் போட்டேன். துணி முழுவதும் மிளகு மிளகாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழே எழுதியது இவ்வளவுதான்: "புதுச் சேலையில் புள்ளியைத் தடவிப் பாருங்கள், கையில் தட்டுப்படும். இஸ்திரி போட்டுவிட்டால் தட்டுப்படாது. இஸ்திரி போடாமல்தான் அனுப்புகிறோம்." அதற்கப்புறம் வாங்கியவர்கள் தடவிப் பார்த்துவிட்டே பணம் அனுப்பியது போல நம்பிக்கையோடு பேசினார்கள்.

ஆனால் மூன்றே மாதத்தில் அந்த வீடியோவை வேறொருவர் எடுத்து, அச்சுச் சேலை விற்கப் பயன்படுத்திவிட்டார். வீடியோவில் இருக்கும் கை என் நாத்தனாருடையது, விற்கிற சேலை அவர் முடிச்சுப் போட்டதல்ல. இதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

திருச்சி ரசிகன்

உண்மையான ஆத்தங்குடிக் கல்லைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அசல், சும்மா இருந்தால் டூப்ளிகேட். இதைக் கேப்ஷனில் போடுங்கள், எல்லாரும் நம்புவார்கள்.

கொத்தனார் முத்து

தம்பி, பாதிதான் சரி. பீங்கான் டைல்ஸ் மேல் விட்டால் ஒன்றும் ஆகாது, சிமெண்ட் மேல் விட்டால் நுரைக்கும், அது உண்மை. ஆனால் எந்தச் சிமெண்டும் நுரைக்கும். மெஷினில் அழுத்திச் செய்த சிமெண்ட் டைல்ஸும் நுரைக்கும். அது கைவேலைக்குச் சாட்சி இல்லை. அப்புறம் அந்தச் சொட்டு விட்ட இடத்தில் வட்டமாகத் தழும்பு நிற்கும். யாரும் வீட்டில் செய்துவிடாதீர்கள்.

பார்க்க வேண்டியது கல்லின் ஓரம். இப்போது குஜராத்தில் மோர்பியிலிருந்து ஆத்தங்குடி டிசைனைப் பிரிண்ட் போட்ட பீங்கான் டைல்ஸ் வருகிறது. அதில் டிசைன் மேல்தோல் மட்டும்தான். நம் கல்லை உடைத்தால் சாயம் ஒரு நாணயக் கனத்துக்கு உள்ளே இறங்கியிருக்கும், அதற்குக் கீழே சாம்பல் நிறச் சிமெண்ட். இருபது முப்பது வருடம் நடந்தாலும் டிசைன் இருப்பது அதனால்தான். உடைந்த கல் ஒன்றின் ஓரத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், அதற்கு ஒரு வரி போதும்.

காரைக்குடிப் பையன்

முத்து அண்ணே, அந்தப் படம் போட்டிருக்கிறேன். இதுவரை அதிகம் பேர் பகிர்ந்ததும் அதுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. வேலை நடப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன் மேல் பூ அச்சை வைப்பார்கள். அச்சில் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு சாயச் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். தோசை மாவு பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் அச்சைத் தூக்கும்போது ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஓடிவிடும், குறைந்தால் கண்ணாடியைத் தொடாமல் ஓட்டை விழும். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவார்கள், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஈரக்கலவையை நிரப்பிக் கரணையால் மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. மறுநாள் கண்ணாடியோடு தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். எங்கள் பட்டறையில் மூன்று நாள். வெளியே எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவரும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுப்பது, தனியாகப் பாலீஷ் போடுவதில்லை.

இதில் வேலை செய்கிறவருக்குத் தெரிவது கல்லின் முதுகு மட்டும். முகம் கண்ணாடியைப் பார்த்துக் கீழே கிடக்கிறது. இடது பக்கம் வளைந்த கொடி வேண்டுமென்றால் வலது பக்கம் வளைத்து ஊற்ற வேண்டும். அதைக் காட்டி, "இந்த அக்கா தான் செய்த பூவை நான்கு நாள் கழித்துத்தான் பார்ப்பார்" என்று எழுதினேன். மிகைப்படுத்தாமல் எழுதிய அந்த வரிக்கு வந்த பதில்கள் என்னை நெகிழவைத்தன.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். "முகம் வேண்டாம் தம்பி, கையை எடு" என்றார். அதனால் கை மட்டும்.

கோவை வீட்டுக்காரர்

இப்போதுதான் முழுவதும் படித்தேன். நான் இவர்களிடம் கல் வாங்கியவன்தான், போன வருடம் பூஜையறைக்கு. கேமரா கேட்டதும் அந்தப் படங்கள் மனதில் நின்றதால்தான்.

நான் வாங்கக் காரணமான படத்தைத் தம்பி சொல்லவே இல்லை. பட்டறைச் சுவரோரம் கழித்துப் போட்ட கல் குவியல். கீழே எழுதியிருந்தது: "இன்று கழித்தவை. இதில் காற்றுக்குமிழி, இதில் சாயம் கலங்கியது, இதில் கண்ணாடிக் கீறல் அப்படியே கல்லில் விழுந்தது." ஒவ்வொன்றையும் விரலால் காட்டியிருந்தார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, இவர்கள் நமக்கு அனுப்பும்போதும் இப்படிப் பார்த்து அனுப்புவார்கள் என்றாள். அன்றைக்கே முன்பணம் கட்டினோம்.

ஒரு குறையும் சொல்கிறேன். தண்ணீரில் மூன்று நாள் என்று படித்துவிட்டு பத்து நாளில் கல் வந்துவிடும் என்று எண்ணினேன். ஐந்து வாரம் ஆனது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின இரவுதான் பதித்து முடித்தோம்.

காரைக்குடிப் பையன்

அது ஐப்பசி அண்ணே. மழை பிடித்தால் காய வைக்க இடமில்லை, கூரைக்குள் அடுக்கினால் ஈரம் போவதில்லை. உங்களிடம் போனில் சொன்னேனே தவிர கேப்ஷனில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். இந்த வருடம் புரட்டாசியிலேயே எழுதிவிடுகிறேன்.

கொத்தனார் முத்து

இன்னொன்றும் எழுதுங்கள். வீட்டுக்காரர் படிப்பார், கல்லைப் பதிக்கிறவர் படிக்க மாட்டார். நல்ல கல்லைப் பதிக்கிற இடத்தில் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கிரானைட் பதிக்கிற பழக்கத்தில் இதையும் இரும்புச் சுத்தியால் தட்டி மயிர்க்கோடு விழ வைத்துவிடுவார்கள். ரப்பர் சுத்திதான் வேண்டும். மேலே சிந்திய சிமெண்ட் பாலை அப்போதைக்கப்போது துடைக்க வேண்டும், மறுநாள் என்று விட்டால் கறை. நாலைந்து பெட்டியைப் பிரித்துக் கலந்து பதிக்க வேண்டும், ஒரே பெட்டியாகப் பதித்தால் நிற வித்தியாசம் பட்டை பட்டையாகத் தெரியும். இதை ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

திருச்சி ரசிகன்

எலுமிச்சை விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். என் வீட்டு வராண்டாவில் ஒரு கல்லில் செய்து பார்த்திருக்கிறேன். தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

கொத்தனார் முத்து

தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துப் பாருங்கள். மங்கலாம். முழுவதும் போகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சின்னாளப்பட்டி அக்கா

வீடியோ திருட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் இப்போது ஒன்று செய்கிறேன். அன்றைக்கு விற்கிற சேலையின் முந்தானை ஓரத்தையும் நாத்தனார் கையையும் ஒரே படத்தில் எடுக்கிறேன், வாங்கியவருக்கு அதே சேலை போகும். ஆனால் சேலைக்குச் சேலை படம் எடுப்பதென்றால் ஒரு நாளில் பாதி அதிலேயே போய்விடுகிறது. தம்பி, உங்களுக்குக் கல்லுக்குக் கல் முடியாது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

காரைக்குடிப் பையன்

அக்கா, எங்கள் படமும் ஒரு தடவை போயிருக்கிறது. இப்போது ஒரு ஆர்டர் ஊற்றத் தொடங்கும் நாளில், அச்சுப் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சாக்பீஸில் எழுதி வைத்து எடுத்து அவர்களுக்கே அனுப்புகிறேன். பொதுவில் போடுவதைத் திருடினால் தடுக்க என்னிடமும் வழியில்லை. நாளை தேவகோட்டை ஆர்டர் தொடங்குகிறோம், பச்சையும் மஞ்சளும். முத்து அண்ணன் சொன்ன தாளையும் அந்தப் பெட்டிகளிலிருந்தே வைக்கிறேன்.