மேக்ஸ் ஹார்ட் ரேட்டை நாமே ஓடிக் கண்டுபிடிக்கலாமா? (வேலூர்)

காட்பாடி_ஓட்டம்:
வயது 46. மூன்று வருஷமாக வாரத்தில் நாலு நாள் ஓடுகிறேன். வாட்ச் 220-இலிருந்து வயதைக் கழித்து என் மேக்ஸ் 174 என்று வைத்திருக்கிறது. ஆனால் நண்பரோடு பேசிக்கொண்டே மெதுவாக ஓடினாலும் 170 காட்டி சிவப்பில் போய்விடுகிறது. மூச்சு வாங்குவதே இல்லை. தப்பு வாட்சிலா, கணக்கிலா? மைதானத்திலேயே உண்மையான மேக்ஸைப் பார்க்க வழி இருக்கிறதா?

கோட்டை_வாக்கர்:
220 கணக்கு பழசு சார். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். உங்களுக்கு 176 வரும். அதுதான் சரியான நம்பர். டெஸ்டெல்லாம் தேவையில்லை.

பாலமதி_ஏற்றம்:
கோட்டை சார் சொன்ன கணக்கு 220-ஐ விட மேல்தான், ஆனால் அதுவும் சராசரிதான். ஒரே வயதுக்காரர்களிடம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம்.

காட்பாடி, முதலில் ஒன்று பாருங்கள். அந்த 170 வரும்போது நிமிஷத்துக்கு எத்தனை ஸ்டெப் காட்டுகிறது? மணிக்கட்டு சென்சார் சில சமயம் துடிப்பை விட்டுவிட்டு கால் தாளத்தை எண்ண ஆரம்பித்துவிடும். இரண்டும் ஒட்டியே போனால் சந்தேகப்படுங்கள். யாரிடமாவது மார்பில் கட்டுகிற ஸ்ட்ராப்பை வாங்கி அதே ஓட்டத்தை ஓடிப் பாருங்கள்.

காட்பாடி_ஓட்டம்:
ஓடிப் பார்த்தேன் மேடம். ஸ்டெப் 170. ஸ்ட்ராப்பில் 158 தான்!

பாலமதி_ஏற்றம்:
அப்போது பாதி தப்பு வாட்சுடையது. ஆனால் 158 என்பதும் 174-இல் தொண்ணூறு சதவீதம். அந்த வேகத்தில் யாரும் அரட்டை அடிக்க முடியாது. உங்கள் மேக்ஸ் 174-க்கு மேலே இருக்கவே வாய்ப்பு.

எங்கள் குழுவில் செய்வது இப்படி. இரண்டு நாள் கடின ஓட்டம் இல்லாமல், நன்றாகத் தூங்கி எழுந்து, வெயில் ஏறும் முன்பே முடிக்க வேண்டும். நம் ஊர் சித்திரை, வைகாசியில் தொடவே மாட்டோம். இருபது நிமிஷம் நிதானமாக ஓடி உடம்பைச் சூடாக்கி, கடைசியில் சில சின்ன வேக ஓட்டங்கள். பிறகு வண்டி வராத மிதமான ஏற்றத்தில் இரண்டரை நிமிஷம் கடினமாக ஏறி, மெதுவாக இறங்கி வருவது. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் அழுத்தி. மூன்றாவதில் கடைசி அரை நிமிஷம் மிச்சம் வைக்காமல் ஏறுவது. முடிந்ததும் படுக்கக் கூடாது, பத்து நிமிஷம் நடக்க வேண்டும். தனியாகச் செய்யவே கூடாது. கூட வருபவருக்கு சிபிஆர் தெரிந்திருக்க வேண்டும், போனும் கையில்.

எங்கள் குழுவில் 52 வயதுக்காரர் ஒருவர். கணக்குப்படி 168. முதல் ஏற்றத்தில் 170, அடுத்ததில் 177, மூன்றாவதில் 181. அதில் கடைசிப் பத்து விநாடி, அவர் எவ்வளவு தள்ளியும் 181-ஐத் தாண்டவில்லை. அதை நம்பலாம். ஒரே விநாடி 209-க்குத் துள்ளி இறங்கியிருந்தால் அது ஸ்ட்ராப் காய்ந்த கோளாறு. இப்படி வருகிற எண்ணும் "குறைந்தது இவ்வளவு" என்றுதான் அர்த்தம். கால் முதலில் ஓய்ந்துபோனால் இதயம் உச்சத்தைத் தொட்டிருக்காது.

மார்பில் இறுக்கம், தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாவது, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆற்காடு_மாமா:
நானும் வரலாமாம்மா? வயசு 58. பிபிக்கு மெட்டோப்ரோலால் போடுகிறேன். எவ்வளவு ஓடினாலும் 130 தாண்டவில்லை. அன்று காலை மட்டும் மாத்திரையை விட்டுவிட்டால் சரியான நம்பர் வருமில்லையா?

பாலமதி_ஏற்றம்:
ஐயா, மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று விட்டால் துடிப்பும் பிபியும் எகிறும், நெஞ்சுவலியே வரலாம். அந்த மாத்திரை பிபியோடு துடிப்பையும் ஏறவிடாமல் பிடித்து வைக்கும், அதனால் உங்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. இந்த டெஸ்ட் வேண்டாம். எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இதய நோய் உள்ளவர்கள், ஓடும்போது மயங்கி விழுந்தவர்கள், பிபி கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், இப்போதுதான் ஓட ஆரம்பித்தவர்கள் யாரும் செய்யக் கூடாது. காய்ச்சல் வந்து போனவர்களும் நன்றாகத் தேறும்வரை தள்ளிப்போட வேண்டும். சில வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையே வீங்க வைத்துவிடும்.

காட்பாடி_ஓட்டம்:
எனக்கு பிபி, சுகர் இல்லை. அப்பாவுக்கு 49 வயதில் ஹார்ட் அட்டாக். அது என் டெஸ்டுக்குக் குறுக்கே வராதே?

பாலமதி_ஏற்றம்:
வரும் சார். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்கு முன்னால் வந்திருந்தால் கணக்கே வேறு. நீங்கள் இதுவரை நன்றாக ஓடுவது அதை அழித்துவிடாது. முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி சொல்லும்வரை ஏற்றப் பக்கம் போக வேண்டாம்.

கோட்டை_வாக்கர்:
டிரெட்மில் டெஸ்ட் எடுத்தால் மேக்ஸும் அதிலேயே தெரிந்துவிடுமே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பாலமதி_ஏற்றம்:
தெரியாமலும் போகலாம். வயதுக் கணக்கில் 85 சதவீதம் தொட்டதும் பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள், இவருக்கு அது 148. அந்த எண்ணை மேக்ஸ் என்று வாட்சில் போட்டுவிடாதீர்கள். டெஸ்ட் நார்மல் என்றால் ஆபத்தே இல்லை என்றும் அர்த்தமில்லை, அடைப்பு சின்னதாக இருந்தால் அதில் தெரியாமல் போகும்.

காட்பாடி_ஓட்டம்:
டாக்டரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை வாட்சில் என்ன போட்டு வைப்பது?

பாலமதி_ஏற்றம்:
எதுவும் மாற்ற வேண்டாம், சிவப்பு அலாரத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடினால் போதும்.

ஆற்காடு_மாமா:
அப்போ எனக்கும் அதே பேச்சுக் கணக்குதானா? நான் எப்பவுமே பேசிக்கொண்டேதான் நடப்பேன்.